ஹீமோபிலியா உள்ள குழந்தையோட மூட்டை காப்பாத்துறது எப்படி: ஜாயிண்ட் பிளீடை சீக்கிரம் கண்டுபிடிக்கிறதுல இருந்து பிசியோ வரைக்கும்

உங்க பையனுக்கு ரத்தம் சரியா உறையாத ஹீமோபிலியா ஏ, சிவியர்னு ரிப்போர்ட் வந்திருக்கா, அப்ப இது உங்களுக்குத்தான். எல்லாரும் முதல்ல பயப்படுறது வெட்டுக்காயத்துக்குத்தான், ஆனா தினசரி வாழ்க்கையில இந்த நோய் பிள்ளைங்களை அதிகம் முடக்குறது மூட்டுக்குள்ள கசியிற ரத்தம், அதாவது ஜாயிண்ட் பிளீடு. முட்டி, கணுக்கால், முழங்கை, இந்த மூணுலதான் பெரும்பாலும் வரும். வெளிய ஒரு சொட்டு ரத்தம் தெரியாது, அதனாலதான் லேட்டாகுது.

உள்ள என்ன நடக்குதுன்னு ஒரு தடவை புரிஞ்சுக்கோங்க, அப்பதான் பின்னாடி சொல்ற அவசரம் எதுக்குன்னு தெரியும். மூட்டுக்குள்ள சுத்தி ஒரு மெல்லிய சவ்வு இருக்கு. உள்ள கசிஞ்ச ரத்தத்தை அந்த சவ்வுதான் உறிஞ்சி சுத்தம் பண்ணணும். ரத்தத்துல இருக்கிற இரும்பு சவ்வுலயே தங்கிடும், சவ்வு தடிச்சு வீங்கும், அதுல புதுசா பலவீனமான ரத்தக்குழாய் முளைக்கும், அது இன்னும் லேசா உடையும், மறுபடி ரத்தம். இப்படி சுத்திக்கிட்டே இருக்கிறப்ப எலும்பு முனையில இருக்கிற குருத்தெலும்பு தேய ஆரம்பிக்கும், அது தேஞ்சா திரும்ப வளராது. 6 மாசத்துக்குள்ள ஒரே மூட்டுல தானா 3 தடவையோ அதுக்கு மேலயோ ரத்தம் வந்துச்சுன்னா டாக்டருங்க அதை டார்கெட் ஜாயிண்ட்னு சொல்வாங்க. அந்த நிலைக்கு போகாம பாத்துக்கிறதுக்குத்தான் கீழ இருக்கிற எல்லாம்.

1. ரிப்போர்ட்டை சரி பண்ணிட்டு ஃபைல் போடுங்க

ரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகுதுன்னு பாக்குற ஏபிடிடி டெஸ்ட்ல அதிகமா இருக்குன்னு மட்டும் ஒரு பேப்பரை வச்சுக்கிட்டு சுத்தாதீங்க, அது போதாது. ரத்தம் உறைய உதவுற ஃபேக்டர்ங்கிற புரதம் எவ்வளவு இருக்குன்னு சொல்ற ஃபேக்டர் அஸ்ஸே ரிப்போர்ட் வேணும். ஃபேக்டர் 8 குறைவா இருந்தா ஹீமோபிலியா ஏ, ஃபேக்டர் 9 குறைவா இருந்தா பி. அளவு 1 சதவீதத்துக்கு கீழ இருந்தா சிவியர், 1ல இருந்து 5 வரைக்கும் மாடரேட், அதுக்கு மேல 40 வரைக்கும் மைல்டு. ரெண்டுக்கும் மருந்தே வேற, ஏ-க்கு கொடுக்கிறதை பி-க்கு கொடுத்தா பிரயோஜனம் இல்ல, அதனால இந்த ஒரு பேப்பர்தான் மத்த எல்லாத்துக்கும் அடிப்படை.

தமிழ்நாட்டுல அரசு மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிகள்ல ஃபேக்டர் மருந்து இலவசமா கிடைக்குது. வெளிய காசு கொடுத்து வாங்கினா வயல்னு சொல்ற சின்ன மருந்து பாட்டில், 250 யூனிட் ஒண்ணே சில ஆயிரம் ஆயிடும், அதை வாராவாரம் வாங்கி எந்த குடும்பமும் தாங்காது, அதனால ரிப்போர்ட் வந்த உடனே பதிஞ்சிடுங்க, முதல் பிளீடு வரட்டும்னு காத்திருக்காதீங்க. எடுத்துட்டு போக வேண்டியது: ஃபேக்டர் அஸ்ஸே ரிப்போர்ட் ஒரிஜினலும் நாலஞ்சு ஜெராக்ஸும், குழந்தையோட ஆதார், அப்பா அம்மாவுல ஒருத்தர் ஆதார், ரேஷன் கார்டு, பிளட் குரூப் ரிப்போர்ட், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, இதுவரைக்கும் அட்மிட் ஆன டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாம். போற அன்னைக்கு எடையும் உயரமும் அங்கேயே பாக்க சொல்லுங்க, டோஸ் முழுக்க எடையை வச்சுத்தான் போடுவாங்க.

கூடவே மாற்றுத்திறனாளி அடையாள அட்டையான யூடிஐடி கார்டுக்கும் அப்ளை பண்ணிடுங்க. 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்துல ஹீமோபிலியா சேர்த்திருக்காங்க. swavlambancard.gov.in ல போட்டுட்டு மெடிக்கல் போர்டுக்கு கூப்பிடறப்ப போகணும், பல இடத்துல மாசக்கணக்குல ஆகும், அதனால இதை தள்ளிப்போடாதீங்க. ரயில்ல சிகிச்சைக்கு போறதுக்கு சிவியர், மாடரேட் ரெண்டுக்கும் கட்டணச் சலுகை இருக்கு, கூட வர்ற ஒருத்தருக்கும் சேர்த்து, அதுக்கு ஆஸ்பத்திரியில அவங்களோட ஃபார்ம்ல சர்டிபிகேட் வாங்கணும், ரத்த நோய் பாக்குற ஹெமட்டாலஜி ஓபியிலேயே கேளுங்க.

ஹீமோபிலியா பெடரேஷன் இந்தியாவோட சாப்டர் சென்னை, வேலூர், மதுரை, கோவைனு பல ஊர்ல இருக்கு. உங்களுக்கு பக்கத்துல இருக்கிறதுல மெம்பர் ஆகிடுங்க. எந்த ஆஸ்பத்திரியில இந்த மாசம் ஸ்டாக் இருக்கு, ராத்திரி எந்த வார்டுல கொடுப்பாங்கன்னு அங்க இருக்கிற பெற்றோருக்குத்தான் சரியா தெரியும்.

2. வீங்கறதுக்கு முன்னாடியே கண்டுபிடிக்க பழகுங்க

இந்த கட்டுரையில ஒரே ஒரு பகுதியத்தான் படிப்பேன்னா இதை படிங்க. வீக்கம் முதல் அறிகுறி கிடையாது. வீக்கம் வெளிய தெரியிறப்ப மூட்டு உள்ள ஏற்கனவே நிறைய ரத்தம் சேர்ந்திருக்கும்.

பேசத் தெரிஞ்ச பிள்ளைங்க கிட்ட கேட்டா அவங்களே சொல்வாங்க, உள்ள கூசுற மாதிரி இருக்கு, குமிழி விடுற மாதிரி இருக்கு, இறுக்கமா இருக்கு, சூடா இருக்குன்னு. இந்த நேரத்துல வலி கூட பெருசா இருக்காது, மூட்டு பாக்க சாதாரணமா இருக்கும், எக்ஸ்ரே எடுத்தாலும் ஒண்ணும் தெரியாது. பெரியவங்க நிறைய பேர் இந்த உணர்ச்சியை நல்லா அடையாளம் வச்சிருப்பாங்க, அதனால பையன் "அம்மா ஒரு மாதிரி இருக்கு"ன்னு சொன்னா அதை நம்புங்க, ஸ்கூலுக்கு போக பிடிக்காம சொல்றான்னு விட்டுடாதீங்க. ஊசிக்கு பயந்து மறைக்கிற பிள்ளைங்களும் உண்டு, அவங்களை திட்டினா இன்னும் மறைப்பாங்க.

பேசாத குழந்தைனா நடக்குறதை, பிடிக்கிறதைத்தான் பாக்கணும். தவழ்ற குழந்தை ஒரு கையை ஊனாம இழுக்கும், டயப்பர் மாத்துறப்ப ஒரு காலை தொட்டாலே அழும், முட்டியை மடிச்சே வச்சிருக்கும். நடக்குற குழந்தை திடீர்னு தூக்க சொல்லும். கணுக்கால்ல ஆரம்பிச்சா குதிகாலை வைக்காம நுனிக்கால்ல நடப்பாங்க, படிக்கட்டு இறங்குறப்ப பக்கவாட்டுல இறங்குவாங்க. முழங்கைனா சாப்பாட்டை வாய்க்கு கொண்டு போறப்ப தலையை குனிஞ்சு கைக்கு கொண்டு வருவாங்க, இல்லனா இன்னொரு கைக்கு மாத்துவாங்க.

தினமும் ராத்திரி தூங்கறதுக்கு முன்னாடி ஒரு செக்கப் பழக்கம் வச்சுக்கோங்க, ரெண்டு நிமிஷம் கூட ஆகாது. ரெண்டு கையையும் முன்னாடி முழுசா நீட்ட சொல்லுங்க, ரெண்டு முழங்கையும் ஒரே மாதிரி நேராகுதான்னு பாருங்க. ரெண்டு கையாலயும் தோளை தொட சொல்லுங்க. குத்த வச்சு உக்காந்து எந்திரிக்க சொல்லுங்க, குதிகால் ரெண்டும் தரையில படுதான்னு பாருங்க. அப்புறம் உங்க புறங்கையை வச்சு ரெண்டு முட்டி, ரெண்டு கணுக்கால் தொட்டு பாருங்க, ஒண்ணு இன்னொண்ணை விட சூடா இருந்தா கவனிக்கணும். எப்பவுமே ரெண்டு பக்கத்தையும் ஒப்பிட்டுத்தான் பாக்கணும், ஒரு பக்கத்தை மட்டும் பாத்தா ஒண்ணும் தெரியாது.

பழைய மூட்டு பாதிப்பு ஏற்கனவே இருக்கிற பெரிய பசங்களுக்கு ஒரு குழப்பம் வரும், இது புது பிளீடா இல்ல பழைய தேய்மானத்து வலியான்னு. தேய்மான வலி காலையில எந்திரிச்சதும் அதிகமா இருக்கும், கொஞ்சம் நடந்தா இளகும். பிளீடு வலி சும்மா இருந்தாலும் மணிக்கு மணி ஏறும், அசைவு குறைஞ்சுக்கிட்டே போகும். சந்தேகம்னா பிளீடுன்னே எடுத்துக்கிட்டு மருந்து போடுங்கன்னுதான் டாக்டருங்க சொல்றாங்க, தேவையில்லாம ஒரு டோஸ் போனா ஒரு டோஸ்தான் போகும், லேட்டானா மூட்டு போகும்.

ஒரு விஷயம் தனியா சொல்லணும். இடுப்பு பக்கமா, தொடை இடுக்குல வலி, காலை மடக்கியே வச்சிருக்கான், நேரா நீட்ட முடியல, தொடை முன்பக்கம் மரத்த மாதிரி இருக்குன்னா அது மூட்டு இல்லாம வயித்துக்கு பின்னாடி இருக்கிற பெரிய தசைக்குள்ள ரத்தமா இருக்கலாம். அது வீட்டுல பாக்குற விஷயமே இல்ல, நேரா பெரிய ஆஸ்பத்திரி, ஸ்கேன். தலையில அடிபட்டாலும் அப்படித்தான், வெளிய ஒண்ணும் தெரியலைனாலும் முதல்ல ஃபேக்டர், அப்புறம்தான் ஸ்கேன்.

3. ஆரம்பிச்சிடுச்சுன்னு தெரிஞ்சா முதல் 2 மணி நேரம்

குறி இதுதான், தெரிஞ்ச 2 மணி நேரத்துக்குள்ள ஃபேக்டர் உள்ள போகணும். வீட்டுல வயல் இருந்து, போடவும் ட்ரெய்னிங் எடுத்திருந்தீங்கன்னா உடனே போடுங்க. இல்லனா கிளம்புங்க, ஐஸ் வச்சுட்டு காலையில பாக்கலாம்னு இருக்காதீங்க.

கணக்கு எப்படி போடுறாங்கன்னு தெரிஞ்சுக்கோங்க. ஃபேக்டர் 8ல ஒரு கிலோவுக்கு 1 யூனிட் போட்டா ரத்தத்துல ஃபேக்டர் அளவு சுமாரா 2 சதவீதம் ஏறும். என் பையன் அப்ப 20 கிலோ. ஞாயித்துக்கிழமை சாயந்திரம் தெருவுல கிரிக்கெட் ஆடிட்டு வந்தவன் வலது காலை நுனியில வச்சு நடந்தான், வீக்கம் இல்ல, தொட்டா இடதை விட லேசா சூடு. ஜாயிண்ட் பிளீடுக்கு எங்க டாக்டர் எழுதி வச்சிருந்தது 40 சதவீதம் ஏத்தணும்னு. 20 கிலோ பெருக்கல் 40, வகுத்தல் 2, 400 யூனிட். வயல் 250ல வருது, அதனால ரெண்டு வயல், 500 யூனிட். திறந்த வயல்ல மிச்சம் வைக்கிறதுல அர்த்தமில்ல, முழுசாவே போடணும். ஃபேக்டர் 9க்கு இந்த கணக்கு வேற, ஒரு கிலோவுக்கு 1 யூனிட் போட்டா சுமார் 1 சதவீதம்தான் ஏறும், சில பிராண்டுல அதுக்கும் குறைவு. உங்க பிள்ளைக்கு எத்தனை சதவீதம்னு டாக்டர் முடிவு பண்ணணும், ஸ்டாக் குறைவா இருக்கிற இடத்துல இதைவிட குறைச்சும் கொடுக்கிறாங்க. அவரை ஒரு பேப்பர்ல எழுதி கையெழுத்து போட்டு தரச்சொல்லி வாங்கி வச்சுக்கோங்க, ராத்திரி கேஷுவாலிட்டியில இருக்கிற டாக்டருக்கு ஹீமோபிலியா பாத்து பழக்கம் இல்லாம இருக்கலாம், அந்த பேப்பரை காட்டினா பேச்சே குறையும்.

வயல் ஃப்ரிட்ஜுல இருந்து எடுத்தா ரூம் சூட்டுக்கு வரட்டும், வயலோட வர்ற தண்ணிய உள்ள விட்டதும் குலுக்காதீங்க, மெதுவா சுழட்டுங்க. ஊசி மெதுவா ஏத்தணும். எடுத்த பிறகு 5 நிமிஷமாவது அழுத்தி பிடிங்க.

மூட்டை அசைக்காம, தலையணை மேல உயரமா வைங்க. ஐஸை துண்டுல சுத்தி 15 நிமிஷம் மாதிரி வைக்கலாம், வலி குறையும், ஆனா அது ஃபேக்டருக்கு மாத்து இல்ல. காலை ஊனாதீங்க. வலிக்கு பாராசிட்டமால் மட்டும்தான்.

இங்க மாட்டுற இடங்கள் நாலு இருக்கு. முதலாவது, டைக்ளோஃபெனாக், இபுபுரோஃபென், ஆஸ்பிரின், இது எதுவும் கூடாது, தட்டணுக்களோட வேலையை கெடுத்து ரத்தக்கசிவை அதிகமாக்கும். ரெண்டாவது, தெரு முனை கிளினிக்ல இடுப்புல போடுற வலி ஊசி. தசைக்குள்ள போடுற எந்த ஊசியும் முன்னாடியே ஃபேக்டர் ஏத்தாம போடக்கூடாது, போட்ட இடத்துலயே உள்ள ரத்தம் கட்டிக்கும். மூணாவது, எண்ணெய் போட்டு உருவுறது, வெந்நீர் ஒத்தடம், சுளுக்குன்னு கட்டு போடுறது. வீட்டுல பெரியவங்க பாசத்துல செய்வாங்க, அவங்க கிட்ட சண்டை போடாம முன்னாடியே ஒரு நாள் உக்காந்து விளக்கி சொல்லி வைங்க, நீங்க வீட்டுல இல்லாத அன்னைக்குத்தான் இது நடக்கும். நாலாவது, மூட்டுல ஊசி குத்தி நீர் எடுக்கலாம்னு ஒருத்தர் சொல்றது. ஃபேக்டர் போடாம அதை செய்ய விடாதீங்க, ஹெமட்டாலஜி டாக்டர் கிட்ட போன்ல பேச வைங்க. மூட்டு வீக்கத்தோட காய்ச்சலும் இருந்தா மட்டும் அது கிருமித்தொற்றா இருக்கலாம், அதை சீக்கிரம் பாக்கணும்.

4. புரோபிலாக்சிஸ்: பிளீடு வந்த பிறகு போடுறதில்ல, வராம இருக்க போடுறது

வாரத்துல குறிச்ச நாள்ல, பிளீடு இருக்கோ இல்லையோ, மருந்து போடுறதுதான் புரோபிலாக்சிஸ், நம்ம ஆளுங்க சுருக்கமா புரோஃபின்னு சொல்வாங்க. ஃபேக்டர் அளவு 1 சதவீதத்துக்கு கீழ இறங்காம வச்சுக்கிட்டா தானா வர்ற மூட்டு ரத்தம் ரொம்ப குறையுது. 2007ல அமெரிக்காவுல வந்த ஒரு ஆராய்ச்சியில ரெண்டரை வயசுக்கு முன்னாடியே தொடங்கின பையன்களை 6 வயசு வரைக்கும் பாத்தாங்க, வழக்கமா புரோஃபி போட்டவங்கள்ல 93 சதவீதம் பேருக்கு எம்ஆர்ஐல மூட்டு நல்லா இருந்துச்சு, பிளீடு வந்தா மட்டும் போட்டவங்கள்ல 55 சதவீதம்தான். பிளீடு வந்தா மட்டும் போட்ட குழுவுக்கும் நல்ல டோஸ்தான் கொடுத்தாங்க, அப்படியும் இந்த வித்தியாசம். அதனால டாக்டருங்க கேக்குறது மூணு வயசுக்கு முன்னாடி, ரெண்டாவது ஜாயிண்ட் பிளீடு வர்றதுக்கு முன்னாடி தொடங்கணும்னு. வயசு தாண்டிட்டா தொடங்கி பிரயோஜனம் இல்லைன்னு அர்த்தம் இல்ல, மிச்சம் இருக்கிற மூட்டுகளுக்காகவாவது தொடங்கணும்.

அந்த ஆராய்ச்சியில போட்ட டோஸ் ஒரு கிலோவுக்கு 25 யூனிட், ஒரு நாள் விட்டு ஒரு நாள். நம்ம ஊர்ல பெரும்பாலும் அவ்வளவு கிடைக்காது. அதனால குறைஞ்ச டோஸ் புரோஃபின்னு ஒண்ணு இருக்கு, ஃபேக்டர் 8னா ஒரு கிலோவுக்கு 10ல இருந்து 15 யூனிட், வாரத்துக்கு 2 இல்ல 3 தடவை. இதுல பிளீடு பூஜ்யம் ஆகாது, ஆனா ஒண்ணுமே போடாம இருக்கிறதை விட எவ்வளவோ குறையும், இது ஏழைங்களுக்கான சமாதானம்னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

20 கிலோ பையனுக்கு திங்கள், புதன், வெள்ளி காலையில ஒரு 250 வயல்னு வச்சுக்கலாம். கிலோவுக்கு 12.5 யூனிட், அப்ப 25 சதவீதம் ஏறும். ஃபேக்டர் 8 சுமாரா 8ல இருந்து 12 மணி நேரத்துக்கு ஒரு தடவை பாதியா குறையும், சின்ன பிள்ளைங்களுக்கு இன்னும் வேகமா குறையலாம். 10 மணி நேரம்னு வச்சு போட்டு பாருங்க: 10 மணி நேரத்துல 12, 20ல 6, 30ல 3, 40ல ஒன்றரை, 50ல 1க்கும் கீழ. திங்கள் காலை 6 மணிக்கு போட்டா புதன் காலை வரைக்கும் தட்டுத்தடுமாறி தாங்கும். வெள்ளி காலை போட்டது ஞாயித்துக்கிழமை காலையிலேயே தீர்ந்துடும், அடுத்தது திங்கள்தான். மேல சொன்ன கிரிக்கெட் பிளீடு ஏன் ஞாயித்துக்கிழமை சாயந்திரம் வந்துச்சுன்னு இப்ப புரியும். இது தெரிஞ்சதும் டாக்டர் கிட்ட பேசி நாளை மாத்திக்கிட்டோம், விளையாட்டு நாள் காலையில டோஸ் வர்ற மாதிரி. உங்க பிள்ளையோட வாரத்தை எழுதி எடுத்துட்டு போங்க, பிடி பீரியட் எந்த நாள், டான்ஸ் கிளாஸ் எந்த நாள், அதை வச்சு நாள் போடுறது ஒரு பைசா செலவில்லாம கிடைக்கிற பாதுகாப்பு. எப்பவும் காலையிலதான் போடணும், ராத்திரி போட்டா அதிகமா இருக்கிற நேரம் தூக்கத்துலயே போயிடும்.

சில சென்டர்ல வீட்டுக்கு வயல் தருவாங்க, சில இடத்துல டே கேர்ல வந்துதான் போட்டுக்கணும். வீட்டுக்கு தர்ற இடத்துல பெரும்பாலும் பதிவேடும் காலி வயலும் கேப்பாங்க, அதனால தூக்கி போடாதீங்க. 2ல இருந்து 8 டிகிரில வைக்கணும், ஃப்ரீசர்ல வைக்கக்கூடாது, உறைஞ்சா வீணா போச்சு. ஒரு நோட்டுல தேதி, நேரம், எந்த மூட்டு, எத்தனை யூனிட், வயலோட பேட்ச் நம்பர் எழுதுங்க. அந்த நோட்டுதான் அடுத்த தடவை டோஸை கூட்டி கேக்குறதுக்கு உங்க கையில இருக்கிற ஆதாரம், "நிறைய பிளீடு வருது சார்"ன்னு சொல்றதுக்கும் "மார்ச்ல இருந்து வலது கணுக்கால்ல மூணு தடவை, எல்லாம் ஞாயித்துக்கிழமை"ன்னு காட்டுறதுக்கும் வித்தியாசம் இருக்கு.

ஹீமோபிலியா ஏ-க்கு எமிசிசுமாப்னு ஒரு மருந்தும் இருக்கு, தோலுக்கடியில போடுறது, நரம்பு தேட வேண்டாம். முதல் 4 வாரம் வாரம் ஒண்ணு, அப்புறம் டாக்டர் சொல்றபடி வாரம் ஒண்ணோ ரெண்டு வாரத்துக்கு ஒண்ணோ மாசம் ஒண்ணோ. விலை அதிகம், சில அரசு சென்டர்ல தகுதி பாத்து கொடுக்கிறாங்க, நரம்பு கிடைக்காத சின்ன குழந்தைனா கட்டாயம் கேட்டு பாருங்க. மூணு விஷயம் தெரிஞ்சுக்கணும். இது வராம தடுக்கிற மருந்து, வந்துட்ட பிளீடுக்கு அப்பவும் ஃபேக்டர் போடணும். இதுல இருக்கிறப்ப ஏபிடிடி டெஸ்ட் நார்மல்னு பொய்யா காட்டும், அதை பாத்து புது டாக்டர் நோயே இல்லைன்னு நினைச்சிடலாம், அதனால ஃபைலோட முதல் பக்கத்துலயே பெருசா எழுதி ஒட்டுங்க. மூணாவது, இது பி-க்கு வேலை செய்யாது.

5. பிசியோ: வலி போச்சுன்னா ரத்தம் போச்சுன்னு அர்த்தமில்ல

ஃபேக்டர் போட்ட அடுத்த நாளே வலி குறையும், பையன் ஓட ஆரம்பிப்பான். ஆனா உள்ள இருக்கிற ரத்தம் முழுசா கரைய வாரக்கணக்குல ஆகலாம், அல்ட்ராசவுண்ட் பாத்தாத்தான் தெரியும். இந்த இடைவெளியிலதான் அதே மூட்டுல ரெண்டாவது பிளீடு வருது. இன்னொரு பக்கம், பயந்துட்டு மாசக்கணக்குல அசைக்காம வச்சா தசை மெலிஞ்சு மூட்டை தாங்கிப் பிடிக்க ஆள் இல்லாம போயிடும், அப்பவும் பிளீடு வரும். ரெண்டுக்கும் நடுவுல நடத்திட்டு போறதுதான் பிசியோ.

எங்க பையனோட கணுக்காலுக்கு இப்படித்தான் போச்சு. முதல் ரெண்டு நாள் ஓய்வு, கால் ஊனல, ஊன்றுகோல். திங்கள் காலை வழக்கமான டோஸை டாக்டர் பிளீடு டோஸா பாத்துக்கிட்டார், செவ்வாய்க்கும் ஒண்ணு சேர்த்தார். வலி இறங்கினதும் படுத்தபடியே கால் விரலை அசைக்கிறது, தொடை தசையை இறுக்கி சில விநாடி பிடிச்சு விடுறது, மூட்டு அசையாம தசை மட்டும் வேலை செய்யும். அப்புறம் பாதத்தை மேல கீழ தானே ஆட்டுறது, வலிக்கிற எல்லைக்கு முன்னாடியே நிறுத்தணும். அதுக்கு அப்புறம்தான் கொஞ்சம் கொஞ்சமா எடையை காலுல ஏத்தி நடக்கிறது, கடைசியா ரெண்டு பக்கமும் சமமான பிறகு நுனிக்கால்ல ஏறி இறங்குறது, ஒத்தைக்கால்ல நின்னு பேலன்ஸ் பண்றது. அந்த ஒத்தைக்கால் பயிற்சியை லேசா நினைக்காதீங்க, மேடு பள்ளத்துல கால் பிரளாம காப்பாத்துறது அதுதான்.

பிசியோதெரபிஸ்ட் ஹீமோபிலியா பாத்தவரான்னு முதல்லயே கேளுங்க. வெளியில இருந்து மூட்டை பிடிச்சு பலமா மடக்குறது, இழுக்கிறது கூடவே கூடாது, அசைவை பிள்ளையேதான் செய்யணும். பிசியோ நேரத்தை ஃபேக்டர் போட்ட அன்னைக்கு, போட்ட கொஞ்ச நேரத்துலயே வர்ற மாதிரி வைங்க. பயிற்சிக்கு அப்புறம் வலி, சூடு, அசைவு குறைவு இருந்தா அன்னைக்கு நிறுத்தி டாக்டரை கூப்பிடுங்க.

பிளீடு இல்லாத காலத்துலயும் தினமும் ஒரு சின்ன பயிற்சி ஓடணும். நீச்சல், சைக்கிள் நல்லது. கபடி, ஃபுட்பால், பாக்ஸிங் வேண்டாம். வருஷத்துக்கு ஒரு தடவை ஹீமோபிலியா ஜாயிண்ட் ஹெல்த் ஸ்கோர் எடுக்க சொல்லுங்க, ரெண்டு முட்டி, ரெண்டு முழங்கை, ரெண்டு கணுக்கால் பாத்து வீக்கம், அசைவு, தசை பலம், நடை எல்லாத்துக்கும் மார்க் போடுவாங்க, மார்க் கூடினா மூட்டு மோசமாகுதுன்னு அர்த்தம். வெளிய நல்லா நடக்குற பையனுக்கும் மார்க் ஏறியிருக்கலாம், அது தெரிஞ்சாத்தான் டோஸை மாத்த முடியும்.

6. வழக்கமான டோஸ் கேக்கலைன்னா

இது வரை ஒரு டோஸ்ல அடங்கின பிளீடு இப்ப ரெண்டு மூணு டோஸ் போட்டும் அடங்கல, இல்லனா புரோஃபி ஒழுங்கா போட்டும் பிளீடு கூடுதுன்னா இன்ஹிபிட்டர் வந்திருக்கலாம். உடம்பு வெளியில இருந்து வர்ற ஃபேக்டரை எதிரின்னு நினைச்சு அழிக்கிறது. சிவியர் ஹீமோபிலியா ஏ-ல இது 100ல 20, 30 பேருக்கு வருது, பெரும்பாலும் முதல் 50 டோஸ் நாளுக்குள்ள, அதனால அந்த காலகட்டத்துல இன்ஹிபிட்டர் இருக்கான்னு பாக்குற பெதஸ்டா டெஸ்டை அடிக்கடி எடுக்க கேளுங்க, அதுக்கு அப்புறம் 6 மாசத்துக்கோ வருஷத்துக்கோ ஒரு தடவை, எந்த ஆபரேஷனுக்கு முன்னாடியும் கட்டாயம். இன்ஹிபிட்டர் இருந்தா மருந்தே வேற, அந்த ஃபேக்டர் இல்லாமலே வேற வழியில ரத்தத்தை உறைய வைக்கிற பைபாஸ் ஏஜெண்ட் தேவைப்படும், அதை எமிசிசுமாப் போட்டுக்கிற பிள்ளைக்கு கொடுக்கிறப்ப அதுல ஏபிசிசின்னு ஒரு மருந்தை தவிர்க்கப் பாப்பாங்க, ரத்தம் கட்டிப் போற ஆபத்து இருக்கு. ஹீமோபிலியா பி பிள்ளைங்களுக்கு முதல் 10ல இருந்து 20 டோஸ் ஆஸ்பத்திரியிலதான் போடணும், சிலருக்கு கடுமையான அலர்ஜி வரும்.

இன்ஹிபிட்டர் நெகட்டிவ்னு வந்தா அடுத்து எடையை பாருங்க. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி 20 கிலோ இருந்தவன் இப்ப 27 ஆயிருப்பான், ஆனா சீட்டுல இன்னும் ஒரு வயல்னே எழுதி வரும், அப்ப கிலோவுக்கு 9 யூனிட்தான் போகுது. மூணு மாசத்துக்கு ஒரு தடவை எடை போட்டு அந்த நோட்டுலயே எழுதுங்க, ஓபிக்கு போறப்ப அதை முதல்ல காட்டுங்க.